7 கிலோவுக்குள்ள ஒரே பை: டூர் பேக்கை செட் பண்ண பதிவு

நான் சேதராப்பட்டுல ஒரு சின்ன கம்பெனில வேலை பாக்குறேன், பம்ப்புல போடுற மெக்கானிக்கல் சீல் செய்றோம், அதை வாங்குற மருந்து கம்பெனி கெமிக்கல் கம்பெனிங்க எல்லாம் ஐதராபாத், வாபி, அங்கலேஷ்வர், புனேன்னு சிதறிக் கிடக்குறதால மாசத்துல பாதி நாள் எனக்கு வெளியூர்தான். கடலூர் சிப்காட் கஸ்டமர்னா பைக்க எடுத்துட்டு போயிட்டு மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம், மத்ததுக்கெல்லாம் ஃப்ளைட்டு. லக்கேஜ கவுண்டர்ல போட்டா இறங்கின பிறகு பெல்ட்டு முன்னாடி நிக்கணும், அதனால கையில எடுத்துட்டு போற ஒரே பைதான்னு முடிவு பண்ணி, அதை எப்பவும் ரெடியா இருக்குற மாதிரி செட் பண்ணேன். எப்படின்னு நம்ம ஊர் ஆளுங்க ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, சரி மொத்தமா எழுதிடலாம்னு இது.

முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கணும், வெளிநாட்டுக்காரங்க போடுற பேக்கிங் வீடியோ எல்லாமே இடத்தப் பத்தி பேசும், துணிய எப்படி சுருட்டுனா இடம் மிச்சம், எந்தப் பைல எவ்வளவு அமுக்கலாம்னு. நமக்கு இடம் பிரச்சினையே இல்ல, வெயிட்டுதான் பிரச்சினை. நம்ம உள்நாட்டு ஃப்ளைட்ல எகானமிக்கு கைப்பை 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 115 சென்டிமீட்டர். இதுல 7 கிலோதான் முதல்ல இடிக்கும். காத்த உறிஞ்சி துணிய சப்பையாக்குற பை இருக்கே, அது இடத்த குறைக்குமே தவிர ஒரு கிராம் குறைக்காது, நிறைய இடம் இருக்கேன்னு இன்னும் ரெண்டு சட்டை உள்ள போக வெச்சு கணக்க ஏத்தித்தான் விடும்.

அதனால நான் ஆரம்பிச்சது தராசுலேர்ந்து. கொக்கி மாட்டித் தூக்குற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு, அது பைக்கு. வீட்டு கிச்சன் தராசு சின்னச் சின்ன சாமானுக்கு. கொக்கித் தராசு சரியா காட்டுதான்னு பாக்க ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில மாட்டிப் பாருங்க, ரெண்டு கிலோவும் பாட்டில் வெயிட்டு கொஞ்சமும் காட்டணும், அதுல நூறு கிராமுக்கு மேல தள்ளுச்சுன்னா அந்த வித்தியாசத்த மனசுல வெச்சுக்கிட்டுதான் நம்பணும். அப்புறம் பைல போற ஒவ்வொண்ணையும் தனித்தனியா நிறுத்து ஒரு நோட்டுல எழுதினேன், இந்த வேலை ஒரு ஞாயித்துக்கிழமை காலைல முடிஞ்சிடும், ஆனா எங்க வெயிட்டு போகுதுங்கிறது அப்பதான் தெரியும்.

வெயிட்டு போறது பைக்கே. சக்கரம் வெச்ச டிராலிப் பெட்டி காலியா நிறுத்தாலே ரெண்டரை மூணு கிலோ வருது, என்கிட்ட இருந்தது 2.8. அதாவது ஒரு சட்டை கூட வைக்கறதுக்கு முன்னாடியே 7ல பாதிக்கு கொஞ்சம் கம்மி காலி. முதுகுல மாட்டுற சாஃப்ட் பை, 35 லிட்டர், 1,100 கிராம். இந்த ஒரு மாத்தத்துலயே 1,700 கிராம் கையில வந்துடுச்சு, இது கிட்டத்தட்ட என் மொத்தத் துணி வெயிட்டு. சக்கரம் இல்லையே முதுகு வலிக்காதான்னு கேப்பாங்க, டிராலி ஏர்போர்ட் டைல்ஸ் தரைல மட்டும்தான் சுகம், பாண்டி பஸ் ஸ்டாண்டுல மழைத் தண்ணிய தாண்டி இழுத்துட்டு போய் பஸ் மேல் ரேக்குல நுழைக்கப் பாருங்க, ரேக்கு அகலம் பத்தாது, கண்டக்டர் முன்னாடி இன்ஜின் பக்கம் வைக்கச் சொல்லுவார், மெட்ராஸ் வர்ற வரைக்கும் கண்ணு அது மேலயே இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2024 டிசம்பர்லேர்ந்து லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுலேர்ந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஃப்ளைட் விட ஆரம்பிச்சாங்க இல்லையா, அது ஏடிஆர் 72, ப்ரொப்பெல்லர் வெச்ச சின்ன விமானம். அதுல தலைக்கு மேல இருக்குற பெட்டி பெரிய விமானத்துல இருக்குறத விட ரொம்பச் சின்னது, 115 சென்டிமீட்டர் கணக்குக்கு சரியா வர்ற டிராலிகூட அதுல நுழையாம படிக்கட்டு கிட்டயே டேக் போட்டு கீழ வாங்கிப்பாங்க. சாஃப்ட் பைன்னா அமுக்கி முன் சீட்டுக்கு கீழ தள்ளிடலாம். ஒருவேளை பைய வாங்கிக்கிட்டாங்கன்னா பவர் பேங்க்க எடுத்து கையில வெச்சுக்கிட்டுதான் குடுக்கணும், லித்தியம் பேட்டரி தனியா சரக்கு அறைக்குள்ள போகக் கூடாது, அது எல்லா விமானத்துக்கும் பொதுவான விதி. அதுக்குத்தான் என் பைல பவர் பேங்க் இருக்குற பவுச் ஒரே இழுப்புல வெளிய வர்ற மாதிரி மேல இருக்கு.

இப்போ பை வாங்குறதப் பத்தி கடலோரத்துக்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். மலிவான பைங்க உள்பக்கம் வழவழன்னு ஒரு கோட்டிங் இருக்கும், தண்ணி இறங்காம இருக்க பாலியூரித்தேன் பூசியிருப்பாங்க, அது ஈரக் காத்துல நாளாக நாளாக சிதைஞ்சு பிசுபிசுன்னு ஆகி அப்புறம் பொட்டு பொட்டா உதிரும். பாண்டி கடலூர் காத்துக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும், பீரோவுக்குள்ள மூடி வெச்சா அதைவிட சீக்கிரம். கடைல பழைய ஸ்டாக்க தள்ளி விடுறாங்களான்னு பாக்க பைக்குள்ள கைய விட்டு உள்ளங்கையால தேய்ங்க, லேசா ஒட்டுற மாதிரி இருந்தாலோ வினிகர் மாதிரியோ வாந்தி மாதிரியோ ஒரு புளிச்ச வாடை அடிச்சாலோ வேணாம். ஜிப்பும் அப்படித்தான், மெட்டல் பல்லு வெச்ச ஜிப் உப்புக் காத்துல பச்சை பூத்து இறுகிடும், நைலான் சுருள் ஜிப்தான் நமக்கு. ரன்னர் மட்டும் மெட்டல்ல வரும், அது இழுக்க கஷ்டமானா மெழுகுவத்திய ஜிப் மேல ரெண்டு தடவ தேச்சு விடுங்க.

அடுத்தது கோர் செட். என் சிஸ்டம் மொத்தமும் இதுலதான் நிக்குது. பைலேர்ந்து எப்பவுமே வெளிய வராத சாமான்னு ஒரு கூட்டம் இருக்கு: குளிக்கிற சாமான் பவுச் ஒண்ணு, எலக்ட்ரானிக் பவுச் ஒண்ணு, துண்டு, லுங்கி, துணி காயப் போடுற கொடி, குடை, தண்ணி பாட்டில், ஒரு துணிப்பை. இது எல்லாமே திரும்பத் திரும்ப ரொப்பி ரொப்பி ஓடுற சாமான், ஒரு தடவ யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற பாக்கெட் ஷாம்பு, ஹோட்டல் பிரஷ்ஷு எதுவும் இல்ல. வீட்டுல இருக்குற பிரஷ் வேற, இது வேற, வீட்டு சார்ஜர் வேற, இது வேற. ரெண்டாவது சார்ஜர் வாங்குறது தண்டம்னு தோணும், ஆனா ஒரு தடவ ஊர்ல போய் இறங்கி சார்ஜர் இல்லாம ரெண்டு மடங்கு விலைக்கு வாங்குற காச விட கம்மிதான். துணி மட்டும்தான் ஒவ்வொரு டூருக்கும் மாறும்.

கோர் செட்டுக்கு எதிரி வெளியில இல்ல, வீட்டுலதான். பொண்ணு கேபிள உருவிட்டு போயிடுவா, வீட்டம்மா ஒரு சின்ன தையலுக்கு வேணும்னு நூலு ஊசிய எடுத்துடுவாங்க, எனக்கு தெரியவே தெரியாது. அதுக்குத்தான் எலக்ட்ரானிக் பவுச்ச கடைல வாங்காம தைக்கக் குடுத்தேன். எம்.ஜி. ரோட்டு சண்டே மார்க்கெட்டுல ரெயின்கோட் துணி துண்டா கிடைச்சுது, ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் கொசுவலை, உள்ள ஒரு அங்குல எலாஸ்டிக் பட்டைய கிடைமட்டமா வெச்சு சார்ஜருக்கு ஒரு கண்ணி, கேபிளுக்கு ஒண்ணு, பவர் பேங்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா குறுக்கத் தையல். எங்க தெரு டெய்லர் முதல்ல ஒத்துக்கல, "என்னா தம்பி, பர்ஸா தைக்கிறது, கடைல நூறு ரூபாக்கு தொங்குதே"ன்னார். "அண்ணே, ஒரு சாமான் இல்லன்னா வெளியிலேர்ந்து பாத்தாலே தெரியணும், அதான் வேணும்"னேன். தொழிற்சாலைல ஸ்பேனர் மாட்டுற பலகைல ஸ்பேனர் உருவத்த வரைஞ்சு வெச்சிருப்பாங்க பாருங்க, ஒண்ணு எடுத்துட்டா இடம் வெறுமையா தெரியும், அதே கதைதான். கண்ணி காலியா இருந்தா வலை வழியா பல்ல இளிக்கும், யாரு எடுத்தான்னு அப்பவே கேட்டு வாங்கிடலாம்.

பவுச்சுக்குள்ள இருக்குறது 65 வாட் கேலியம் நைட்ரைடு சார்ஜர், 130 கிராம், லேப்டாப்பு, ஃபோன், பவர் பேங்க்கு மூணுக்கும் இதேதான். லேப்டாப்போட வந்த செங்கல்லு ஒயரோட சேத்து 350 கிராம். இதுல ஒரு சூட்சுமம், சி டைப் கேபிள்னா எல்லாம் ஒண்ணு இல்ல, 60 வாட்டுக்கு மேல போகணும்னா கேபிள் தலைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கணும், இல்லாத கேபிள போட்டா சார்ஜர் 65 வாட்டா இருந்தாலும் 60லயே நின்னுடும். 100 வாட்னு எழுதியிருக்குற கேபிளா வாங்கினா இந்தக் கவலையே இல்ல. லேப்டாப்பு 90, 100 வாட் கேக்குற பெரிய மெஷினா இருந்தா இந்த சார்ஜர்ல மெதுவா ஏறும், வேலை செஞ்சுக்கிட்டே போட்டா பேட்டரி இறங்கக்கூட செய்யும், அவங்க பழைய செங்கல்லையே தூக்கணும்.

பவர் பேங்க் 10,000 மில்லி ஆம்பியர் ஹவர். விமானத்துல 100 வாட் ஹவருக்குள்ள இருந்தா யாரையும் கேக்க வேண்டியதில்ல. கணக்கு சுலபம், ஆம்பியர் ஹவர 3.7ஆல பெருக்கணும், 10,000ன்னா 10 ஆம்பியர் ஹவர், அதுக்கு 37, 20,000ன்னு போட்டதுக்கு 74, ரெண்டுமே ஓகே. ஆனா மேல எழுதியிருக்குற எழுத்து தேஞ்சு போயிருந்தா செக்யூரிட்டில பதில் சொல்ல வழியில்ல, நான் புதுசா இருக்கும்போதே அந்த எழுத்து மேல டிரான்ஸ்பரென்ட் டேப் ஒட்டிட்டேன். செக்யூரிட்டி ட்ரேல லேப்டாப்பு, சார்ஜர், பவர் பேங்க்கு, குடை எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்றது நம்ம ஊரு வழக்கம், பவுச்ச அப்படியே திறந்து ட்ரேல படுக்க வெச்சுட்டா முடிஞ்சுது, ஒவ்வொண்ணா தேடி எடுத்து அப்புறம் ஒவ்வொண்ணா தேடி உள்ள வைக்கிற வேலை இல்ல.

குளிக்கிற சாமானுக்கு என் கொள்கை, திரவத்த முடிஞ்ச அளவு ஒழிக்கிறது. குளிக்க சோப்பு கட்டி, தலைக்கு ஷாம்பு கட்டி, பல்லுக்கு பல்பொடி (பேஸ்ட்டுக்கு மாத்தா வெச்சதுதான், எங்க தாத்தா பாத்தா சிரிச்சிருப்பார்), துணிக்கு நீல சலவை சோப்ப நாலா வெட்டி ஒரு துண்டு. ஷேவிங்குக்கு கார்ட்ரிட்ஜ் ரேசர், தனி பிளேடு மாட்டுற ரேசர் கைப்பைல ஏறாது. மிச்சம் திரவம்னா தேங்கா எண்ணெய் மட்டும், அதான் வம்பு பிடிச்சது. விமானம் மேல போனதும் உள்ள இருக்குற காத்தழுத்தம் தரையில இருக்குறத விட கால்வாசி வரைக்கும் குறையும், அப்போ பாட்டிலுக்குள்ள அடைபட்ட காத்து விரிஞ்சு எண்ணெயத் தள்ளும், மூடி கொஞ்சம் சரியில்லன்னா பவுச் முழுக்க எண்ணெய். பாதி பாட்டில்தான் ஒழுகும், நிறைஞ்ச பாட்டில் அவ்வளவா ஒழுகாது, ஏன்னா உள்ள காத்து கம்மி. அதனால 50 மில்லி பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி, மூடுறப்ப பக்கத்த லேசா அமுக்கி காத்த வெளியேத்தி மூடணும், அமுங்கின இடம் மேல போனதும் தானா உப்பி சரியாகிடும்.

பாட்டில் வாங்குனதும் டெஸ்ட் பண்ணிடலாம். காலி பாட்டில இறுக மூடி, கை பொறுக்குற சூட்டுக்கு கொஞ்சம் மேல இருக்குற வெந்நீருக்குள்ள இடுக்கியால முழுசா அமுக்கிப் பிடிங்க. உள்ள காத்து சூட்டுல விரியும், மூடி ஓரத்துல குமிழி வந்தா அந்த பாட்டில் ஃப்ளைட்டுக்கு ஆகாது. நான் சண்டே மார்க்கெட்டு, ஃபேன்சி ஸ்டோருன்னு வாங்குனதுல அழகா இருந்த சிலிக்கான் பாட்டிலெல்லாம் குமிழி விட்டுச்சு, பழைய மருந்து பாட்டில், மூடிக்கு உள்ள இன்னொரு பிளாஸ்டிக் அடைப்பான் வெச்சது, அதுதான் பாஸ். எண்ணெய்க்கு இன்னொரு குணம், சுமார் 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிடும், புனேல டிசம்பர் காலைல குறுகின வாய் பாட்டில தலைகீழா தட்டிக்கிட்டே நிக்க வேண்டியதுதான், வெந்நீர் குழாய்க்கு கீழ ஒரு நிமிஷம் பிடிச்சா இளகிடும்.

இப்போ துணி, இதுக்கு ஒரு நிஜ டூரையே கணக்கு போட்டுக் காட்டுறேன். திங்கள் காலை பாண்டிலேர்ந்து ஐதராபாத், செவ்வாயும் அங்கயே மீட்டிங், புதன் ஒரு மருந்து மூலப்பொருள் பிளான்ட்டுக்குள்ள போகணும், வியாழன் மும்பை போய் ரயில்ல வாபி, வெள்ளி வேலை முடிஞ்சு மும்பை வந்து மெட்ராஸ் ஃப்ளைட்டு, அப்புறம் பஸ்ஸு. அஞ்சு நாள், அஞ்சு சட்டை இல்ல, மூணு சட்டை. ஒண்ணு போட்டுட்டு போறது, ரெண்டு பைல.

சட்டை துணி என்னங்கிறதுதான் இதுல முக்கியம். பாலியஸ்டர் 65 காட்டன் 35 கலந்த சட்டை ராத்திரி துவைச்சா காலைல காஞ்சுடும், இஸ்திரியும் அவ்வளவா கேக்காது. ஆனா கெமிக்கல் பிளான்ட்டுக்குள்ள பாலியஸ்டர் போட்டுட்டு போகக் கூடாது, நிலை மின்சாரம் சேரும், சால்வென்ட் ஆவி இருக்குற இடத்துல அது ஆபத்து, தீ பிடிச்சா உருகி தோல்ல ஒட்டும். அதனால மூணுல ஒரு சட்டை சுத்த காட்டன், புதன்கிழமைக்கு மட்டும். அந்தச் சட்டைய டூர்ல துவைக்கவே மாட்டேன், காட்டன் ஒரு ராத்திரில காயாது, அழுக்கோட வீட்டுக்கு வந்துடும். மீதி ரெண்டும் சுத்துல ஓடும்: திங்கள் போட்டது திங்கள் ராத்திரி துவைச்சு வியாழனுக்கு, செவ்வாய் போட்டது செவ்வாய் ராத்திரி துவைச்சு வெள்ளிக்கு. பாருங்க, மொத்தமே ரெண்டு சட்டை துவைக்கிறோம், அதுலயும் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ராத்திரி கூடுதலா கையிருப்பு இருக்கு, திங்கள் துவைச்சது செவ்வாய் காலை ஈரமா இருந்தாலும் பதற வேண்டாம். பனியன் ஜட்டி போட்டுட்டு போறது ஒண்ணு, பைல மூணு. பேன்ட் போட்டுட்டு போறது ஒண்ணு பைல ஒண்ணு, ரெண்டும் அடர் நிறம், எந்த சட்டைக்கும் எந்த பேன்ட்டும் ஒத்துப் போகணும், இதுல ஒரு சட்டை ஒரு பேன்ட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்னா சுத்து உடைஞ்சிடும்.

துவைக்கிறது சுலபம், காய வைக்கிறதுலதான் விஷயம் இருக்கு. வாளில சோப்பு போட்டு அலசின சட்டைய முறுக்காதீங்க, கையால அமுக்கி தண்ணிய இறக்கிட்டு, ஹோட்டல் துண்ட கட்டில் மேல விரிச்சு அது மேல சட்டைய பரப்பி ரெண்டையும் சேத்து பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி மேல முட்டி போட்டு அமுக்குங்க. துண்டு தண்ணிய குடிச்சிடும், காயற நேரம் பாதியாகும். அப்புறம் உதறி, பட்டன் பட்டிய கையால நீவி விட்டு மாட்டணும், மாட்டுற இடம் பாத்ரூம் கிடையாது. நிறைய பேர் அங்கதான் மாட்டுவாங்க, அங்க காத்துலயே ஈரம், காயாது. ரூம்ல ஏசி காத்து நேரா படுற மாதிரி மாட்டுங்க, ஏசி காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சி வெளிய தண்ணியா விடுது இல்லையா, துணிலேர்ந்து வர்ற ஈரமும் அதோட போயிடும். ஃபேனும் ஓடினா இன்னும் நல்லது.

பல ஹோட்டல்ல ஹேங்கர கம்பிலேர்ந்து கழட்ட முடியாதபடி வளையம் போட்டு வெச்சிருப்பாங்க, அதனால கொடி நானே செஞ்சேன். மெல்லிசான எலாஸ்டிக் கயிறு ரெண்டு மீட்டர்ல மூணு, சடை பின்னுற மாதிரி பின்னி ரெண்டு முனையிலயும் கொக்கி. பின்னலுக்கு நடுவுல சட்டைத் தோள் முனைய செருகினா நிக்கும், கிளிப்பே வேண்டாம். முப்பது கிராம்கூட வராது. காலைல காஞ்சுதான்னு பாக்க சட்டையோட நடுப்பகுதிய தொடாதீங்க, அது எப்பவோ காஞ்சிருக்கும். காலர் மடிப்பு, கஃப், பாக்கெட் அடித் தையல், இந்த மூணையும் கன்னத்துல வெச்சுப் பாருங்க, சில்லுன்னு பட்டா ஈரம் இருக்கு. ஹோட்டல்ல இருக்குற முடி உலர்த்துற மெஷின அந்த மூணு இடத்துக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் காட்டினா முடிஞ்சுது. ஈரத்தோட மடிச்சு பைல வெச்சா சாயந்திரம் பைய திறக்கும்போதே ஊளை நாத்தம், அப்புறம் உள்ள இருக்குற எல்லாத்தையும் மறுபடி துவைக்கணும்.

ஷூ ஒண்ணுதான், கால்ல. பிளான்ட் போறதால சேஃப்டி ஷூ, ஆனா முன் பக்கம் இரும்புக்கு பதிலா காம்போசிட் தொப்பி வெச்சது, பாக்க சாதா ஃபார்மல் ஷூ மாதிரியே இருக்கும், மெட்டல் டிடெக்டர்லயும் முன் தொப்பியால சத்தம் வராது. பைல வெச்சா ஒரு கிலோவுக்கு மேல தின்னும், கால்ல இருந்தா கணக்குல வராது. ரூமுக்கு ஒரு ஹவாய் செருப்பு. ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் மாதிரி டூல்ஸ் கைப்பைல போகவே போகாது, அதை முன்கூட்டியே கூரியர்ல கஸ்டமர் ஸ்டோர்ஸுக்கு அனுப்பிடுவோம்.

லுங்கியப் பத்தி ஒரு வரி சொல்லியே ஆகணும். நைட் பேன்ட், ஷார்ட்ஸ்னு எதுவும் இல்ல, ஒரு மெல்லிசு லுங்கி 220 கிராம், ராத்திரி கட்டிக்க, ரயில்ல போத்திக்க, ஜன்னல் திரை சரியா மூடாத ரூம்ல வெளிச்சத்த மறைக்க, டைம் இருந்தா குளிக்கப் போறப்ப கட்டிக்க. வடக்க லாபில கட்டிட்டு போனா ஒரு மாதிரி பாப்பாங்க, ரூமுக்குள்ள யாரு பாக்கப் போறா.

கடைசி கூட்டல்: பை 1,100, லேப்டாப்பு 1,400, ரெண்டு பவுச்சும் சேத்து 1,060, லுங்கி துண்டு உள்பட துணி 1,875, பாட்டில், செருப்பு, குடை, துணிப்பை எல்லாம் 690. ஆக 6,125 கிராம். மிச்சம் 875. அதுல கேட்டலாக் கொஞ்சம், ஒரு சின்ன சீல் சாம்பிள். லேப்டாப் பைய தனியா எடுத்துட்டுப் போக விடுற ஏர்லைன்ஸ் இருக்கு, ஆனா அதை நம்பி கணக்கு போடறதில்ல, எல்லாமே ஒரே பைக்குள்ள 7ல அடங்குனா எந்த கவுண்டர்லயும் பேச்சு இல்ல. பாட்டில் காலியா உள்ள போகும், செக்யூரிட்டி தாண்டினதும் அங்க குழாய்ல ரொப்பிக்குவேன்.

வைக்கிற முறை: முதுகு பக்கம் லேப்டாப்பு, அதை ஒட்டி வெயிட்டான சாமான், துணி வெளிப்பக்கம். பனியன், ஜட்டி சுருட்டி ஒரு மெல்லிய வலைப் பைக்குள்ள, அந்தப் பைய மெத்தை மாதிரி நடுவுல வெச்சு சட்டை ரெண்டையும் அதச் சுத்தி மடக்குவேன். மடிப்பு கூர்மையா விழுந்தாத்தான் கோடு விழும், உருண்டையா சுத்தினா கோடு தெரியாது. அழுக்குத் துணி போக துணிப்பை, போகப்போக சுத்தத் துணி குறைஞ்சு அது பெருசாகும். ஐப்பசி கார்த்திகைல மட்டும் உள்ள ஒரு தடிமனான பிளாஸ்டிக் கவர் லைனரா போடுவேன், பஸ் ரேக்கு ஓரத்துல தண்ணி சொட்டும்னு சொல்லத் தேவையில்ல.

இந்த சிஸ்டம் உயிரோட இருக்குறது கிளம்புற நாள்ல இல்ல, திரும்பி வந்த நாள்ல. பஸ்ஸ விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், குளிக்கப் போறதுக்கு முன்னாடி, பைய தலைகீழா கவுத்து அழுக்க மெஷின்ல போட்டு, எண்ணெய் பாட்டில கழுத்து வரைக்கும் ரொப்பி, சோப்பு துண்டு தேஞ்சிருந்தா புதுசு வெட்டி வெச்சு, குளிக்கிற பவுச்ச மட்டும் திறந்து ராத்திரி முழுக்க ஃபேன்ல காய விட்டு, பவர் பேங்க ஏத்தி கண்ணில செருகி, எல்லா கண்ணியும் நிறைஞ்சிருக்கான்னு வலை வழியா ஒரு பார்வை. பத்து பதினஞ்சு நிமிஷ வேலை. கிளம்புறப்ப செய்யலாம்னு விட்டா ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எண்ணெய் டப்பாவ தேடிட்டு இருப்போம். பைய பீரோல வைக்காம கதவுக்குப் பின்னாடி ஆணில, ஜிப்ப பாதி திறந்து தொங்க விடுங்க, உள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறுற ரகமா இருந்தா நீலம் போய் ரோஸ் ஆனதும் சமையலுக்கு எடுக்காத பழைய தோசைக்கல்லுல மிதமான சூட்டுல வறுத்து மறுபடி நீலமாக்கலாம்.

எங்க இது வேலைக்கு ஆகாதுன்னா, டெல்லி பக்கம் ஜனவரில. ஸ்வெட்டர், ஜாக்கெட்டு உடம்புல போட்டுட்டு போயிடலாம்தான், ஆனா ஹீட்டர் இல்லாத ரூம்ல துவைச்ச துணி ஒரு ராத்திரில காயாது, அப்போ துணி ஒரு செட் கூட வேணும், மிச்சமிருந்த 875ல பெரும்பகுதி அதுக்கே போயிடும், சாம்பிள கூரியர்லதான் அனுப்பணும். அதே மாதிரி மூணு நாளைக்கு மேல பிளான்ட்டுக்குள்ளயே வேலைன்னாலும் காட்டன் சட்டை ஒண்ணு பத்தாது, பிளான்ட்டுல அவங்களே கவரால் குடுப்பாங்களான்னு கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு கேட்டுக்குவேன், குடுத்தா பிரச்சினை இல்ல, இல்லன்னா கலப்புச் சட்டைல ஒண்ண எடுத்துட்டு காட்டன் ரெண்டாக்கி, துவைச்சதுக்கு ரெண்டு ராத்திரி விட்டு போட்டுக்குவேன்.